ரிஃப்ளெக்ஷன்: பிரதிபலிப்பா, மீள்நோக்கா?

நமக்காக வேலைகளைத் தானே செய்யும் ஏஐ நிரல்களான முகவர்களைப் பற்றிப் பேசும்போது ரிஃப்ளெக்ஷன் என்ற சொல் அடிக்கடி வரும், தமிழில் பலர் அதைப் பிரதிபலிப்பு என்று எழுதிவிடுகிறார்கள். அது கண்ணாடிக்குப் பொருந்தும் சொல், இங்கே பொருந்தாது. மூலமான லத்தீன் சொல்லுக்குப் பின்னோக்கி வளைத்தல் என்று பொருள். ஒளி திரும்புவதும் அதுதான், நடந்ததை மனம் திரும்பிப் பார்ப்பதும் அதுதான். முகவர் தன் பழைய குறிப்புகளைத் திரும்பிப் பார்ப்பதைச் சொல்ல நமக்கு வேண்டியது இரண்டாவது, அதற்கு மீள்நோக்கு என்பதே சரி. அதிலிருந்து கிடைக்கும் வரிகளைப் படிப்பினை எனலாம்.

இந்தப் பொருளில் சொல்லைப் பரவலாக்கியது 2023இல் ஸ்டான்ஃபோர்ட், கூகுள் ஆய்வாளர்கள் 25 முகவர்களை ஒரு கற்பனை ஊரில் வாழவிட்ட ஆய்வு. அதில் முகவர் தான் கண்டதையும் செய்ததையும் எழுதிவைக்கும் ஒவ்வொரு குறிப்புக்கும் 1 முதல் 10 வரை முக்கியத்துவ மதிப்பெண் உண்டு, அண்மைக் குறிப்புகளின் கூட்டுத்தொகை 150ஐத் தாண்டியதும் முகவர் நின்று, கடைசி 100 குறிப்புகளைப் பார்த்து, தன்னிடமே சில கேள்விகள் கேட்டு, விடைகளைப் படிப்பினைகளாக எழுதும். எந்தக் குறிப்புகளிலிருந்து அது வந்தது என்ற எண்ணையும் கூடவே போடும்.

அந்த எண்தான் உயிர்நாடி. இலங்கையின் ஹட்டனில் விஞ்ஞான வகுப்பு நடத்தும் ஓர் ஆசிரியையின் முகவர் என்று வைத்துக்கொள்வோம். வினாத்தாளில் முகவர் 'வேதியியல்' என்று போட்டால் அவர் 'இரசாயனவியல்' என்று திருத்துகிறார், இரண்டு வாரம் கழித்து 'இயற்பியல்' வந்தபோது 'பௌதிகவியல்' என்கிறார், பிறகும் ஒருமுறை இதேபோல. முகவர் எழுதுகிறது:

```
கலைச்சொற்கள் இலங்கைப் பாடநூல் வழக்கில் வேண்டும் (12, 31, 44)
பதில் எப்போதும் இரண்டு வரிதான் வேண்டும் (50, 51, 53)
```

முதலாவது நல்ல படிப்பினை, வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு வேலைகளில் வந்த சான்று. இரண்டாவதின் குறிப்புகளைத் திறந்து பாருங்கள், மூன்றும் ஒரே மாலை. மழையில் கரண்ட் போய், போனில் சார்ஜ் குறைவாக இருந்ததால் "சுருக்கமா சொல்லு" என்று கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் இந்த வரி நிலைத்துவிட்டால் நாளைக்குப் பாடக்குறிப்பு கேட்டாலும் இரண்டு வரிதான் வரும். அப்புறம் அடுத்த மீள்நோக்கு பழைய படிப்பினைகளையும் குறிப்பாகவே எடுத்துக்கொள்வதால், ஒரு பிழை அடுத்த பிழைக்குச் சான்றாகிவிடும்.

எனவே படிப்பினையை எழுதும்போது நிபந்தனையையும் சேர்க்கச் சொல்ல வேண்டும்: 'போனில் அவசரமாகக் கேட்கும்போது சுருக்கம்.' ஒரே நாளின் குறிப்புகள் மட்டும் இருந்தால் அதைத் தற்காலிகம் என்று குறித்து வைப்பது நல்லது. படிப்பினை கிடைத்துவிட்டதே என்று மூலக் குறிப்புகளை அழிக்கவும் கூடாது, அழித்தால் அந்த 50, 51, 53 எதைச் சொன்னது என்று ஆசிரியை கேட்கும்போது காட்ட எதுவும் இருக்காது.