விற்ற யூனிட் திரும்ப ஏறாது

ஓய்வுக்கு ஒன்றரை வருடம் இருக்கும் ஒருவர் போன வாரம் வந்திருந்தார். பணம் முழுக்க ஈக்விட்டி ஃபண்டுகளில். குறைக்கச் சொன்னால், "விழுந்தா திரும்ப ஏறாமலா போயிடும் சார்?" என்கிறார். இந்த மாதத்தில் இதைக் கேட்பது மூன்றாவது முறை.

சந்தை ஏறும்தான். நீங்கள் விற்றுவிட்ட யூனிட் ஏறாது. இந்த ஒன்றைத்தான் யாரும் கேட்க மாட்டேன் என்கிறார்கள்.

2020 மார்ச்சில் ஓய்வு பெற்ற ஒருவரின் கணக்கு என்னிடம் இருக்கிறது. மொத்தம் 60 லட்சம். 54 லட்சம் பங்கு ஃபண்டுகளில், 6 லட்சம் வைப்பு நிதியில். பூர்வீக வீட்டில் தம்பிகளின் பங்கை வாங்க அந்த மாதக் கடைசிக்குள் 20 லட்சம் தருவதாகப் பேசியிருந்தார். ஜனவரியில் 42,000ஐத் தொட்ட சென்செக்ஸ் மார்ச் 23 அன்று 26,000க்குக் கீழே முடிந்தது. அவருடைய 54 லட்சம் 34 லட்சமானது. வைப்பு நிதி 6 லட்சம் போக, மீதி 14 லட்சத்துக்கு அந்த விலையிலேயே யூனிட்டுகளை விற்றார். ஃபண்டில் மிஞ்சியது 20 லட்சம்.

நவம்பரில் சென்செக்ஸ் பழைய உயரத்துக்கு வந்துவிட்டது. அவர் 32 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. 58 வயதுக்குள் பங்கு ஃபண்டுகளை 18 லட்சமாகக் குறைத்து, 42 லட்சத்தைப் பத்திரங்களில் போடும் கடன் ஃபண்டிலும் வைப்பிலும் வைத்திருந்தால், 20 லட்சத்தை அங்கிருந்து எடுத்திருப்பார். 18 லட்சம் விழுந்து, தானே எழுந்திருக்கும். நவம்பரில் 40 லட்சம் இருந்திருக்கும். சந்தை மீண்டது, 8 லட்சம் மீளவில்லை.

ஆகவே 48 வயதில் 70 சதவீதம் பங்கு என்றால், ஆண்டுக்கு 4 சதவீதமாக இறக்கி 58இல் 30க்கு வாருங்கள். முதலில் மாதந்தோறும் புதிதாகப் போடும் எஸ்ஐபியைக் கடன் ஃபண்டுக்குத் திருப்புங்கள். அது போதாதபோது மட்டும் விற்றால் போதும். ஆண்டுதோறும் கொஞ்சமாக விற்றால், நீண்டகால லாபத்தில் 1.25 லட்சம் வரை உள்ள வரிவிலக்கும் வருடா வருடம் பயன்படும். தேதியை ஒரு ஏப்ரலில் குறித்துவிடுங்கள், சந்தையைப் பார்த்து மாற்றாதீர்கள். "கொஞ்சம் ஏறட்டும்" என்று தள்ளிப்போட்டவர்கள்தான் என் மேசைக்கு முன்னால் அழுதிருக்கிறார்கள். கடன் ஃபண்டிலும் குறுகிய காலத்தவையே போதும்; நீண்டகாலப் பத்திரங்கள் வட்டி ஏறினால் விலை இறங்கும்.

ஈபிஎஃப் பணத்தைக் கடன் பக்கம் சேர்த்துக் கணக்கிட மறக்காதீர்கள். நிறையப் பேர் மறக்கிறார்கள், பிறகு தேவைக்கு மேல் பங்கைக் குறைத்துவிடுகிறார்கள். சுழியத்துக்கும் போக வேண்டாம். ஓய்வுக்குப் பிறகு இன்னும் 25 ஆண்டு விலைவாசி இருக்கிறது.

தேசிய ஓய்வூதியத் திட்டமான என்பிஎஸ்ஸில் இருப்பவர்கள் ஒன்றைப் பாருங்கள். 'ஆட்டோ சாய்ஸ்' எடுத்திருந்தால் வயது ஏற ஏறப் பங்கைத் தானே குறைக்கும். அதில் எல்சி 50 என்ற வகை என்றால் 35 வயதில் பங்கு 50 சதவீதம், 55இல் 10. 'ஆக்டிவ் சாய்ஸ்' என்றால் நீங்கள் விட்ட இடத்திலேயே நிற்கும். உங்களுடையது எது என்று தயவுசெய்து இன்றே திறந்து பாருங்கள்.