பண்டிகை வந்தால் தங்கம் ஏறுமா?

அட்சய திருதியைக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே கேள்விகள் தொடங்கிவிடும். "திருதியை வருது, விலை ஏறிடும்னு சொல்றாங்க. இப்பவே வாங்கிடலாமா?" தேர்தல் அறிவிப்பு வந்தாலும் இதே கேள்விதான், பண்டிகையின் பெயர் இருந்த இடத்தில் தேர்தல் வந்து உட்கார்ந்திருக்கும். கேட்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கல்யாண வயதில் பெண் இருக்கும் வீட்டுக்குச் சவரனுக்கு ஆயிரம் ரூபாய் என்பது பெரிய தொகை. ஆனால் இந்தப் பயத்தில் தனிநபர் கடன் வாங்கிக்கொண்டு கடைக்கு ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் 2025 அட்சய திருதியையை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு திருதியை ஏப்ரல் 30. அதற்கு எட்டு நாள் முன்பு, ஏப்ரல் 22 அன்று, உலகச் சந்தையில் ஒரு அவுன்ஸ் தங்கம் முதல்முறையாக 3,500 டாலரைத் தொட்டது. சென்னையில் சவரன் 74,320 ரூபாய். "திருதியை நெருங்குது, 80,000-க்குப் போயிடும்" என்ற பேச்சு எங்கும் இருந்தது. மறுநாளே விலை இறங்கியது. திருதியை அன்று சவரன் 71,840. அதற்கு அடுத்த நாள், மே 1 அன்று, 70,200. பயந்து 22-ஆம் தேதி வாங்கியவர்கள், திருதியை அன்று வாங்கியவர்களைவிடச் சவரனுக்கு 2,480 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தார்கள்.

அந்த ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் திருதியையோடு எந்தத் தொடர்பும் இல்லை. அமெரிக்க அதிபர் அந்நாட்டு மத்திய வங்கித் தலைவரைக் கடுமையாகச் சாடினார், இறக்குமதி வரிச் சண்டையும் சேர்ந்துகொண்டது, விலை ஏறியது. பிறகு அவர் குரலைத் தணித்தார், விலை இறங்கியது.

இதற்கு முந்தைய ஆண்டுகளையும் புரட்டிப் பாருங்கள். 2013-இல் திருதியை மே 13. அதற்கு ஒரு மாதம் முன்பு, ஏப்ரல் 12, 15 ஆகிய இரண்டே வர்த்தக நாட்களில், அவுன்ஸ் 1,560 டாலரை ஒட்டி இருந்த தங்கம் 1,350-க்கு அருகில் சரிந்தது. 2020-இல் தீபாவளி நவம்பர் 14. ஐந்து நாள் முன்பு, நவம்பர் 9 அன்று, கொரோனா தடுப்பூசி நன்றாக வேலை செய்கிறது என்ற செய்தி வந்தது. ஒரே நாளில் அவுன்ஸுக்கு ஏறத்தாழ நூறு டாலர் விழுந்தது. நம் கடைவீதியில் கூட்டம் கூடிக்கொண்டிருந்த அதே வாரம்தான் அது.

இந்த நம்பிக்கையின் வேர் எங்கே இருக்கிறது என்றால், பூக்கடையில் இருக்கிறது. வரலட்சுமி நோன்புக்கு முதல் நாள் மல்லிகை விலை எகிறும். நாளை எல்லோருக்கும் பூ வேண்டும், தோட்டத்தில் பூப்பது இவ்வளவுதான், நேற்றைய பூ இன்று வாடிவிடும். ஆகவே தேவை கூடினால் விலை கூடும் என்பது நாம் கண்ணால் காணும் உண்மை. அதையே தங்கத்துக்கும் பொருத்திவிடுகிறோம். தங்கம் வாடாது. நூறு ஆண்டுக்கு முன் தோண்டியதும் இன்று உருக்கி விற்கப்படும். நம் தேவைக்கான தங்கம் ஏறக்குறைய முழுவதும் வெளிநாட்டிலிருந்து வருகிறது. இறக்குமதியாளர்கள் திருதியைக்கும் தீபாவளிக்கும் பல வாரம் முன்பே கட்டிகளைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். பண்டிகைத் தேதி அவர்களுக்கும் தெரியும், லண்டனில் தங்கத்தின் உலக விலையைப் பேசுகிறவர்களுக்கும் தெரியும். எல்லோருக்கும் ஓராண்டு முன்பே தெரிந்த ஒரு தேதி விலையில் புதிதாக எதையும் செய்ய முடியாது. விலையை அசைப்பது யாரும் எதிர்பாராத செய்திதான்.

சரி, பண்டிகைத் தேவை விலையில் எங்குமே தெரியாதா என்றால், தெரியும். மொத்த வியாபாரத்தில் பிரீமியம் என்று ஒன்று உண்டு. லண்டன் விலையோடு சுங்க வரியைக் கூட்டி வரும் தொகைக்கு மேல், உள்ளூர் வியாபாரிகள் அவுன்ஸுக்கு இத்தனை டாலர் என்று கூடுதலாகக் கேட்பார்கள். தேவை படுத்துவிட்டால் அதே தொகையைக் கழித்துத் தள்ளுபடியில் தருவார்கள். அவுன்ஸ் 3,300 டாலர், டாலர் 85 ரூபாய், சுங்க வரி 6% என்று வைத்துக் கணக்கிட்டால், அவுன்ஸுக்குப் பத்து டாலர் பிரீமியம் என்பது 22 காரட் சவரனுக்குச் சுமார் 210 ரூபாய். இதே கணக்கில் டாலர் மதிப்பு ஒரு ரூபாய் கூடினால் சவரனுக்குச் சுமார் 825 ரூபாய் ஏறும். பண்டிகையின் பங்கு எவ்வளவு சிறியது என்று இப்போது புரியும். விலை தலைக்கு மேல் போன ஆண்டுகளில் பண்டிகைக் காலத்திலும் பிரீமியம் மறைந்து தள்ளுபடி வருவதுண்டு, ஏனென்றால் வாங்குகிறவர்கள் கிராமைக் குறைத்துவிடுகிறார்கள்.

"ஆனா நாங்க பார்த்த வரைக்கும் ஏறிக்கிட்டுதானே இருக்கு" என்பார்கள். உண்மைதான். 2024, 2025 இரண்டும் பெரும் ஏற்றம் கண்ட ஆண்டுகள். உலகின் மத்திய வங்கிகள் டன் கணக்கில் தங்கம் வாங்கிச் சேர்த்தன, போர்ப் பதற்றம் இருந்தது, ரூபாயும் இளைத்தது. ஏறுகிற ஆண்டில் எந்தத் தேதியை எடுத்தாலும் அதற்கு முன் விலை ஏறியிருக்கும். நம் நாட்காட்டியையும் பாருங்கள். பொங்கல், தை முகூர்த்தங்கள், சித்திரை, திருதியை, ஆடிப்பெருக்கு, ஆவணி முகூர்த்தங்கள், தீபாவளி. இரண்டு மாதம் சேர்ந்தாற்போல் வெறுமையாக இருப்பது அரிது. எப்போது ஏறினாலும் அது ஏதோ ஒரு பண்டிகைக்கு முன்பாகத்தான் இருக்கும். இறங்கினாலும் அப்படித்தான். ஏறியது நினைவில் நிற்கிறது, இறங்கியதை யாரும் பேசுவதில்லை.

தேர்தல் கதை இன்னும் பலவீனமானது. 2021-இல் தமிழகச் சட்டமன்றத் தேர்தல் ஏப்ரல் 6. ஜனவரி முதல் வாரம் அவுன்ஸ் 1,950 டாலரை ஒட்டி இருந்த தங்கம் மார்ச் கடைசியில் 1,700-க்குக் கீழே வந்தது. இடையில் பிப்ரவரி பட்ஜெட்டில் சுங்க வரியும் குறைந்தது. பிரசாரம் சூடு பிடித்த அந்த மூன்று மாதத்தில் சவரனுக்கு ஐயாயிரம் ரூபாய் அளவுக்கு இறங்கியது. 2019 மக்களவைத் தேர்தலுக்கு முன்பும் உலக விலை இறங்குமுகத்தில்தான் இருந்தது. முடிவு வந்த பிறகு ஜூனில்தான் ஏறியது, அதுவும் அமெரிக்காவில் வட்டி குறையப் போகிறது என்ற பேச்சால். 2014-இல் தேர்தல் முடிவு வந்த மே மாதத்தில் ரூபாய் வலுத்தது, ரிசர்வ் வங்கி இறக்குமதிக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது, உள்ளூர் விலை சரிந்தது. இந்த நான்கு தேர்தல்களில் 2024-இல் மட்டும் மார்ச், ஏப்ரலில் ஏறியது. எல்லோருக்கும் நினைவிருப்பது அந்த ஒன்றுதான்.

நம் ஊர்த் தேர்தல் நகைக்கடை வியாபாரத்தைக் குறைக்கவே செய்யும். நடத்தை விதி அமலுக்கு வந்ததும் பறக்கும் படை சாலையில் நிற்கும். உரிய ஆவணம் இல்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் பிடித்து வைப்பார்கள். ரொக்கத்தில் வாங்குகிறவர்கள் ஒதுங்கிவிடுவார்கள், நகையை ஊர் விட்டு ஊர் எடுத்துச் செல்லும் வியாபாரிகளும் தயங்குவார்கள். தேவை குறையும் காலத்தை விலை ஏறும் காலம் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

நம் தேர்தலைவிட அமெரிக்கத் தேர்தல் தங்கத்தை அதிகம் அசைக்கும். ஆனால் எந்தப் பக்கம் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. 2024-இல் தீபாவளி அக்டோபர் 31, அமெரிக்கத் தேர்தல் நவம்பர் 5. தீபாவளி அன்று சென்னையில் சவரன் சுமார் 59,600. தேர்தல் முடிந்து பத்து நாட்களுக்குள், நவம்பர் 14 அன்று, சுமார் 55,500.

இதைப் படித்துவிட்டு, "அப்போ பண்டிகை முடிஞ்சா இறங்கும், காத்திருக்கலாம்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது இதே தவறின் மறுபக்கம். பண்டிகைக்குப் பின் ஏறிய ஆண்டுகளும் ஏராளம்.

உங்கள் கைக்குள் இருப்பது சேதாரம். ஐந்து சவரன் ஆரம், 40 கிராம், கிராம் 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சேதாரம் 18% என்றால் 7.2 கிராம், அதாவது 64,800 ரூபாய். கூட்டம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை உட்கார்ந்து பேசி, அதே வேலைப்பாடு 12%-க்குக் கிடைத்தால் 43,200. வித்தியாசம் 21,600 ரூபாய். பத்து நாளில் சவரனுக்கு ஆயிரம் ஏறிவிடும் என்று பயந்தீர்களே, ஐந்து சவரனுக்கு அது 5,000-தான். திருதியை அன்று தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும்போது யாரும் சேதாரம் பேசுவதில்லை, காட்டியதை எடுத்துக்கொண்டு பில் போடச் சொல்கிறார்கள். "3% சேதாரத் தள்ளுபடி" என்று பலகை வைத்திருந்தால், எத்தனை சதவீதத்திலிருந்து மூன்று என்று கேளுங்கள். சதவீதமாகச் சொன்னால் கிராமாக மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு வாரம் முன்பே போய், பிடித்த நகையின் எடையையும் சேதாரத்தையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.

கடன் வாங்கி முந்திக்கொள்ளவே வேண்டாம். தனிநபர் கடன் நான்கு லட்சம், 14% வட்டி, ஓராண்டுத் தவணை என்றால் வட்டி மட்டும் சுமார் 31,000. ஐந்து சவரனுக்குப் பங்கிட்டால் சவரனுக்கு 6,200. வராத ஏற்றத்துக்குப் பயந்து, நிச்சயமாக வரும் செலவைத் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். கல்யாணத்துக்கு எட்டு மாதம் இருக்கிறதென்றால், வேண்டிய எடையை மூன்று நான்கு பாகமாகப் பிரித்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கையில் இருக்கும் பணத்துக்கு வாங்குங்கள். ஒரே நாளின் உச்ச விலையில் மொத்தமாக மாட்டிக்கொள்ளாமல் இருக்க அது போதும். நாட்காட்டியில் ஒரு தேதியைக் கவனிக்க வேண்டுமானால் பட்ஜெட்டைக் கவனியுங்கள். 2024 ஜூலை 23 அன்று சுங்க வரி 15%-லிருந்து 6%-க்கு வந்தது, அன்று ஒரே நாளில் சவரனுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் குறைந்தது.

திருதியை அன்று வாங்கினால் நல்லது என்ற நம்பிக்கை இருப்பவர்கள் தாராளமாக அரை கிராம் காசு வாங்கி சாமி முன் வையுங்கள். ஆரத்தை இன்னொரு நாள் வாங்கலாம். முன்பதிவு செய்வதாக இருந்தால், விலை ஏறினால் பதிவு செய்த விலை, இறங்கினால் அன்றைய விலை என்று ரசீதிலேயே எழுதியிருக்கிறதா, அதற்கு எத்தனை சதவீதம் முன்பணம் கட்ட வேண்டும், எத்தனை நாளுக்குள் நகையை எடுக்க வேண்டும் என்று பாருங்கள். கடை ஊழியர் வாய்ப்பேச்சில் சொன்னது ரசீதில் இல்லையென்றால் பணம் கட்டாதீர்கள்.