கட்டட முகப்புப் படத்திலிருந்து கம்புச் சாரத்தை எடுப்பது: ஜன்னல் கோடு வளையாமல், பூச்சு குழையாமல்

கட்டடத்தின் ஒரு பக்கம் பெயின்ட் முடிந்து பளிச்சென்று இருக்கும். மறுபக்கத்தில் சவுக்குக் கம்புச் சாரம் இன்னும் பிரிக்கப்படாமல் நிற்கும். விளம்பரப் பலகைக்கு நாளைக்கே படம் வேண்டும், “சாரத்தை மட்டும் எடுத்துடுங்க” என்பார்கள். சென்னையில் கட்டடப் படங்களைத் திருத்துகிறவர்களுக்கு இது பழகிய வேலை. பெரும்பாலும் கெட்டுப் போகிற வேலையும் இதுதான். ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு, கம்பு மறைத்த இடத்தையெல்லாம் பக்கத்துச் சுவரிலிருந்து க்ளோன் செய்து மூடுகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். பலகை அளவுக்குப் பெரிதாக்கியதும் ஜன்னலின் கீழ்க்கோடு பாம்பாக நெளிவதும், பூச்சு மெழுகு தடவியதுபோல் வழுக்குவதும் தெரிந்துவிடும்.

கம்புக்குப் பின்னால் இருக்கும் சுவரை ஊகித்து வரைய வேண்டியதில்லை. பெரும்பகுதியைத் தெருவிலேயே, பத்து நிமிடத்தில், நிஜமாகவே படமெடுத்துவிடலாம்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். அறுபது அடிச் சாலையை ஒட்டி, கிழக்கு பார்த்த கட்டடம். தரைத்தளமும் மேலே மூன்று மாடிகளும். மாடிக்கு ஐந்து ஜன்னல்கள், பத்து அடிக்கு ஒன்றாக. இடப்பக்கத்து இரண்டு ஜன்னல் வரிசைகளை மட்டும் சாரம் மறைக்கிறது. எதிர்ப்புற நடைபாதையில், முகப்பின் நடுவுக்கு நேராகக் கேமரா. அங்கிருந்து சுவர் 60 அடி. சாரத்தின் நிமிர்ந்த கம்புகள் சுவரிலிருந்து 4 அடி முன்னால் நிற்கின்றன. கம்பின் தடிமன் மூன்றரை அங்குலம்.

சாரம் சுவரைவிட நமக்கு அருகில் இருப்பதால், கேமராவைப் பக்கவாட்டில் நகர்த்தினால் கம்பு சுவரின் மேல் இடம் மாறும். எவ்வளவு மாறும் என்பது சின்னக் கணக்கு: நகர்ந்த தூரத்தைச் சுவருக்கும் சாரத்துக்கும் உள்ள இடைவெளியால் பெருக்கி, கேமராவிலிருந்து சாரம் வரையுள்ள தூரத்தால் வகுக்க வேண்டும். ஆறு அடி நகர்ந்தால் 6 × 4 ÷ 56, அதாவது 0.43 அடி, கிட்டத்தட்ட ஐந்து அங்குலம். கம்பு சுவரில் மறைப்பது நான்கு அங்குலத்துக்கும் குறைவு. ஆக, முதல் படத்தில் கம்புக்குப் பின்னால் இருந்த சுவர் முழுவதும் இரண்டாவது படத்தில் வெளியே வந்துவிடும். இடப்பக்கம் ஆறு அடி, வலப்பக்கம் ஆறு அடி, நடுவில் ஒன்று. மூன்று படங்கள் இருந்தால், ஒன்றில் சுவரை மறைக்கும் கயிற்று முடிச்சோ தொங்கும் சாக்கோ இன்னொன்றில் விலகியிருக்கும்.

பக்கவாட்டில் நகர்வது நிமிர்ந்த கம்புகளுக்குத்தான் உதவும். படுக்கையாகக் கட்டிய கம்பு தன் கோட்டிலேயே நகர்வதால் மறைத்த இடத்தையே மறைத்துக்கொண்டிருக்கும். அதற்குக் கேமரா மேலே போக வேண்டும். எதிர்வீட்டு முதல் மாடி பால்கனியில் ஐந்து நிமிடம் நிற்க அனுமதி கேட்பது, அதே கம்பை இரண்டு மணி நேரம் க்ளோன் செய்து அழிப்பதைவிட எளிது. பால்கனி கிடைக்காவிட்டால் நீளமான மோனோபாடில் கேமராவை மாட்டி, டைமர் வைத்து உயர்த்தலாம்.

இந்த முறை நிழலிடம் தோற்கும். கம்பு இடம் மாறினாலும், வெயிலில் சுவர்மேல் விழும் கம்பின் நிழல் மூன்று படத்திலும் ஒரே இடத்தில்தான் இருக்கும். அதனால் கிழக்கு பார்த்த முகப்பை மதியம் இரண்டு மணிக்குப் பிறகு எடுக்க வேண்டும், மேற்கு பார்த்ததைக் காலையில். வெயிலில் எடுத்தால்தான் கட்டடம் எடுப்பாக இருக்கும் என்று வாடிக்கையாளர் சொல்வார். சாரம் இருக்கும்வரை அந்த ஆசையைத் தள்ளிவைப்பதுதான் நல்லது.

படங்கள் கைக்கு வந்ததும் முதல் வேலை, லென்ஸின் வளைவை எடுப்பது. அகல லென்ஸில் ஓரத்துக் கோடுகள் வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். அதைச் சரிசெய்யாமல் அடுத்த அடி வைத்தால் எந்த ஜன்னலும் எந்த ஜன்னலோடும் பொருந்தாது. அடுத்து, மூன்று படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க வேண்டும். போட்டோஷாப்பின் Auto-Align Layers இங்கே அடிக்கடி ஏமாற்றும். சாரத்தில் கூர்மையான கோடுகள் நிறைய இருப்பதால், அது சுவரை விட்டுவிட்டுச் சாரத்தைப் பொருத்தப் பார்க்கும். கையால் செய்வதே மேல். சுவரில் தெளிவாகத் தெரியும் நான்கு புள்ளிகளை, முடிந்தவரை ஒன்றுக்கொன்று தூரமாக உள்ள ஜன்னல் மூலைகளை, தேர்ந்தெடுத்து Distort கொண்டு அந்த நான்கையும் பொருத்தினால் போதும். சுவர் ஒரே தளம் என்பதால் நான்கு புள்ளி பொருந்தினால் சுவர் முழுதும் பொருந்திவிடும். அதன்பின் கீழ்ப்படத்தில் கம்பு இருக்கும் இடத்தில் மட்டும் மேல்படம் தெரியும்படி மாஸ்க் போட வேண்டியதுதான்.

சுவர் பொருந்தினாலும் சுவரை விட்டு முன்னே நீட்டியவையும் உள்ளே குழிந்தவையும் பொருந்தா. சன்ஷேடு, ஜன்னலின் உள்பக்கவாட்டு, ஏசி வெளிப்பெட்டி எல்லாம் அந்த வகை. அவற்றை நடுப்படத்திலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். பால்கனியிலிருந்து எடுத்த படத்தின் சன்ஷேடு நுழைந்துவிட்டால், பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் “என்னமோ இடிக்குது” என்பார்.

இவ்வளவுக்குப் பிறகும் சில இடங்கள் மிஞ்சும். நம் உதாரணத்தில், இரண்டாம் மாடியின் இடக்கோடி ஜன்னல் பச்சை வலைக்குப் பின்னால் முழுதாக மறைந்திருக்கிறது. எந்தக் கோணத்திலும் தெரியாது. அங்கேதான் ஜன்னலை வேறிடத்திலிருந்து கொண்டுவர வேண்டியிருக்கிறது.

மேல்மாடி ஜன்னலையோ கீழ்மாடி ஜன்னலையோ எடுத்து ஒட்டக் கூடாது. சன்ஷேடு சுவரிலிருந்து இரண்டு அடி நீட்டியிருக்கிறது என்றால், கண் மட்டத்தைவிட இரண்டு அடி உயரத்தில் இருக்கும் தரைத்தளத்துச் சன்ஷேடின் அடிப்பக்கம் படத்தில் ஒரு அங்குலப் பட்டைகூடத் தெரியாது. மூன்றாம் மாடியில், கண் மட்டத்துக்கு 32 அடி மேலே, அதே அடிப்பக்கம் பதின்மூன்று அங்குலப் பட்டையாக இருட்டாகத் தெரியும். மாடி மாறினால் இந்தப் பட்டையின் அகலம் பொய் சொல்லிவிடும். அதே மாடியின் ஜன்னலைத்தான் எடுக்க வேண்டும்.

அதே மாடியிலும் பக்கம் பார்க்க வேண்டும். கேமராவுக்கு இடப்பக்கம் இருக்கும் ஜன்னலில் அதன் இடது உள்சுவர் தெரியும், வலப்பக்க ஜன்னலில் வலது உள்சுவர். எனவே இடக்கோடிக்கு, சாரத்தை நீக்கிச் சரிசெய்த அடுத்த ஜன்னலே பொருத்தம். சட்டம் ஆறு அங்குலம் உள்ளே தள்ளிப் பதிக்கப்பட்டிருந்தால், நடுவிலிருந்து பத்து அடி தள்ளியிருக்கும் ஜன்னலில் உள்சுவர் ஒரு அங்குலம் தெரியும், இருபது அடி தள்ளிய கோடி ஜன்னலில் இரண்டு அங்குலம். ஒட்டிய பிறகு அந்த ஒரு அங்குலத்தைக் கூட்டித் தர வேண்டும். வலக்கோடி ஜன்னலைத் திருப்பிப் போடுவது இன்னொரு வழி. உள்சுவர் கணக்குச் சரியாக வரும், ஆனால் கதவு திறந்திருக்கும் திசையும் கண்ணாடியில் தெரியும் எதிர்த்தெரு மரமும் சேர்ந்து திரும்பிவிடும்.

ஜன்னல் ஓரக் கோடுகளைச் சரிசெய்வதில் வரிசை முக்கியம். கோடுகள் முதலில், சுவர் பிறகு. ஹீலிங் பிரஷ் சுற்றியுள்ள நிறத்தை இழுத்துக் கலக்கும் கருவி. ஜன்னல் ஓரத்தில் அதை வைத்தால் கண்ணாடியின் கருமை சுவருக்குள் கசிந்து புகைபோல் நிற்கும். கோட்டுக்கு க்ளோன் ஸ்டாம்ப் போதும். காலி லேயரில், Sample பட்டியில் Current & Below வைத்து, கோட்டின் நல்ல பகுதியில் Alt அழுத்திச் சொடுக்கி, உடைந்த இடத்தின் தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் Shift அழுத்தி ஒருமுறை சொடுக்கினால் கை நடுங்காமல் நேர்கோடு விழும். பிரஷ்ஷின் ஓரம் முழுக் கூர்மையாக இருந்தால் பிளேடால் வெட்டியதுபோல் இருக்கும், முழு மென்மையாக இருந்தால் களிம்பு. 200 சதவீதத்தில் பெரிதாக்கி, நிஜ ஓரம் எத்தனை பிக்ஸலில் கருப்பிலிருந்து வெள்ளைக்கு மாறுகிறது என்று பார்த்து அதற்கு ஈடாக வைக்க வேண்டும்.

இன்னொரு பக்கம், எல்லா ஜன்னலையும் அச்சில் வார்த்ததுபோல் ஆக்கிவிடுவதும் தவறுதான். கொத்தனார் கட்டிய சுவரில் ஜன்னலுக்கு ஜன்னல் அரை அங்குலம் முன்பின் இருக்கும். சாரம் மறைக்காத மூன்று வரிசைகளில் அந்த வித்தியாசம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு, திருத்திய வரிசைகளிலும் அதே அளவு விட்டுவைக்கலாம்.

பூச்சுக்கு வருவோம். மணல் தெரியும் பூச்சு தூரத்தில் ஒரே நிறம்போல் இருந்தாலும், சன்ஷேடின் இரு முனைகளுக்குக் கீழே மழைநீர் வழிந்த கறை கீழ்நோக்கிப் போகும். மாடிக்கு மாடி நிறமும் மெல்ல மாறும். ஒரே இடத்தை மூலமாக வைத்துக் க்ளோன் செய்தால் ஒரே புள்ளி, ஒரே கீறல் இரண்டு மூன்று இடத்தில் வரும். கண் அதை உடனே பிடித்துக்கொள்ளும். கண்டுபிடிக்க ஒரு வழி: மேலே தற்காலிகமாக ஒரு கர்வ்ஸ் லேயர் போட்டு, மாறுபாட்டைக் கண்ணுக்கு உறுத்தும் அளவுக்கு ஏற்றிவிட்டு, படத்தை 25 சதவீதத்துக்குச் சுருக்கிப் பார்க்க வேண்டும். திட்டுகளும் இரட்டைகளும் அப்படியே எழும்பும். Distort செய்து பொருத்திய பகுதிகள் மூலப்படத்தைவிடச் சற்று மென்மையாகிவிடும் என்பதால், அங்கே மட்டும் கொஞ்சம் கிரெயின் சேர்த்தால்தான் சுவர் ஒன்றாகத் தெரியும். உயர் நீதிமன்றம் போன்ற செங்கல் முகப்பாக இருந்தால் இன்னொரு எண்ணிக்கையும் உண்டு: ஜன்னலின் கீழ்க்கோட்டிலிருந்து மேல்கோடு வரை எத்தனை செங்கல் வரிசை என்று எண்ணி, திருத்திய இடத்திலும் அதே எண் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

சுவருக்குள் செருகிய குறுக்குக் கம்புகளை எப்படி நகர்ந்தாலும் விலக்க முடியாது, அவை சுவரையே தொடுகின்றன. எடுத்த இடத்தில் நிஜத்தில் ஓட்டைதான் இருக்கும். சாரம் பிரித்ததும் கொத்தனார் அதை அடைப்பார் என்பதால் விளம்பரப் படத்தில் அதை மூடுவதில் குற்றமில்லை. விரிசலை மூடுவது அப்படியல்ல. வலைக்குப் பின்னால் இன்னும் பதிக்கப்படாத ஜன்னலைப் பதித்துக் காட்டுவதும் அப்படியல்ல. ரியல் எஸ்டேட் சட்டம், 2016-இன் 12-ஆம் பிரிவின்படி, விளம்பரத்தில் உள்ள பொய்யான தகவலை நம்பி முன்பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்குக் கட்டுநர் இழப்பீடு தர வேண்டும். கட்டட உறுதி ஆய்வுக்கும் காப்பீட்டுக்கும் போகும் படத்தில் சாரத்தைத் தொடவே கூடாது.

அதனால் கோப்பைக் கொடுக்கும்போது இரண்டு லேயர் குழுக்களாகப் பிரித்து வைப்பது வழக்கமாக வேண்டும்: வேறு கோணத்திலிருந்து எடுத்த நிஜச் சுவர் ஒன்றில், பக்கத்து ஜன்னலிலிருந்து கொண்டுவந்து ஒட்டியது மற்றொன்றில். இரண்டாம் மாடி இடக்கோடி ஜன்னல் ஒட்டியது என்று மின்னஞ்சலிலும் ஒரு வரி எழுதிவிட வேண்டும். வலையை அவிழ்த்த பிறகு அங்கே ஜன்னலுக்குப் பதிலாக லூவர் பதித்திருப்பது தெரிந்தால், அந்த ஒரு குழுவை மட்டும் அணைத்துவிட்டுப் புதுப்படத்தைப் பொருத்திக்கொள்ளலாம்.