மீ-க்கும் மீ பிளாட்டுக்கும் நடுவே ஒரு சுரம்

பியானோவில் ரே கட்டைக்கும் ஃபா கட்டைக்கும் நடுவே இரண்டு கட்டைகள் உண்டு: மீ பிளாட், மீ. அரபு இசையில் அடிக்கடி ஒலிக்கும் சுரம் ஒன்று இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. அதற்கு சிகா என்று பெயர். பாரசீகத்தில் 'மூன்றாம் இடம்' என்று பொருள். தோ-விலிருந்து எண்ணினால் அது மூன்றாவது சுரம்.

ஓர் அரைச் சுரத்தை நூறு பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு சென்ட். தோ-விலிருந்து மீ பிளாட் 300 சென்ட், மீ 400. புத்தகக் கணக்கில் சிகா 350. அதாவது ரே-க்கும் ஃபா-வுக்கும் சரிபாதியில், இரு பக்கமும் 150.

மகாம் என்பது வெறும் சுர வரிசையன்று. மூன்று முதல் ஐந்து சுரங்கள் கொண்ட ஜின்ஸ் என்ற துண்டுகளைக் கோத்து அமைவது. எந்தச் சுரத்தில் தொடங்கி எங்கே நின்று எப்படித் திரும்புவது என்ற வழக்கும் அதில் சேரும். ராஸ்ட் ஜின்ஸில் தோ, ரே, சிகா, ஃபா, ஸோல் வரும். சிகாவை 50 சென்ட் உயர்த்திப் பாடினால் அது அஜம் ஜின்ஸாகி, நமக்குப் பழகிய மேஜர் போலக் கேட்கும். 50 சென்ட் இறக்கினால் நஹாவந்த், மைனர் போல. பன்னிரண்டு சுரத்துக்குப் பழகிய குரல் தன்னையறியாமல் இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் வழுக்கும். 'கொஞ்சம் அபசுரம்' என்பதோடு தவறு நிற்காது, மகாமே மாறிவிடும்.

பயாத்தி ஜின்ஸ் ரே-யில் தொடங்கும்: ரே, சிகா, ஃபா, ஸோல். பெயர் அதே சிகாதான், ஆனால் இங்கே ராஸ்டில் வருவதைவிடச் சற்றுத் தாழ்ந்து, ரே பக்கம் சாய்ந்து ஒலிக்கும். எவ்வளவு என்பது ஊருக்கும் கலைஞருக்கும் ஏற்ப மாறும். ஊத் என்ற தந்தி வாத்தியத்தில் வீணையில் உள்ளதுபோல மெட்டுகள் இல்லை. விரலை நூலளவு நகர்த்தினாலே போதும். ஒரு ஸ்தாயியை 24 சம பங்காகப் பிரிப்பது பற்றி 1932-இல் கெய்ரோவில் கூடிய அரபு இசை மாநாட்டில் ஒருமித்த முடிவு எட்டாததற்கு இந்த நெகிழ்வும் ஒரு காரணம்.

பயிற்சிக்கு டியூனர் செயலி போதும். ரே-யைச் சுருதியாக ஒலிக்கவிட்டு, ஃபா-வைப் பாடி, பிறகு நடுவில் இறங்குங்கள். மீ பிளாட்டுக்கு மேல் சரியாக 50 சென்டில் நின்றால் திரையில் எழுத்து மீ-யைக் குறிக்கும் `E` என்றும் மீ பிளாட்டைக் குறிக்கும் `E♭` என்றும் மாறி மாறித் தாவும். அதுவே நீங்கள் நடுவில் இருப்பதற்கு அடையாளம். பயாத்திக்கு `E♭ +40` அருகே முயன்று பாருங்கள். முள்ளைப் பார்த்துக்கொண்டே பாடினால் காது பழகாது. கண்ணை மூடிப் பாடி, பிடித்து நிறுத்தியபின் திரையைப் பாருங்கள்.

கீபோர்டில் சுருதி மாற்றும் வசதி இருந்தால் மீ கட்டையை −50 வையுங்கள். ராஸ்டின் மேல்பகுதிக்கு ஸீ கட்டைக்கும் அதே அளவு. நஹாவந்துக்கு மாறும்போது சிக்கல் இல்லை, மீ பிளாட் கட்டை தொடப்படாமல் அப்படியே இருக்கிறது. அஜமுக்கு மாறினால்தான் மாட்டிக்கொள்வீர்கள்: மீ கட்டை ஏற்கெனவே சிகாவாகிவிட்டதால் முழு மீ எங்குமே கிடைக்காது, பாட்டின் நடுவே பொத்தானைத் தட்டி அதை மீட்க வேண்டியிருக்கும்.