இங்கே வங்கி திறந்திருக்கிறது, காசு ஏன் வரவில்லை?

கிளிநொச்சியில் ஒரு வங்கிக் கிளையில் வெளிநாட்டுக் காசுப் பிரிவில் வேலை செய்கிறேன். பண்டிகை வந்தால் எனக்கு மேசையில் சண்டையும் சேர்ந்து வரும். வெளிநாட்டில் இருந்து போடும் காசு விடுமுறை நாட்களில் ஏன் பிந்துகிறது என்று பலமுறை வாயால் சொல்லிவிட்டேன். 2025 சித்திரையில் நடந்ததைப் பார்த்த பிறகு எழுதியே ஆகவேண்டும் என்று ஆகிவிட்டது.

ஏப்ரல் 21, திங்கட்கிழமை. கதவு திறந்த உடனே விசுவமடுவில் இருந்து ஓர் அம்மா வந்து என் முன்னால் இருந்தார். வீட்டுக்குப் பக்கத்துக் காணியை வாங்க எல்லாம் பேசி முடித்திருந்தார்கள். அன்று பின்னேரம் நொத்தாரிசிடம் மிச்சக் காசைக் கொடுத்து உறுதி முடிப்பதாக ஏற்பாடு. பாரிசில் இருக்கும் மகன் 6,000 யூரோ, நம் காசில் ஏறத்தாழ 20 இலட்சம், வியாழக்கிழமை இரவே போட்டுவிட்டானாம்.

"பிள்ளை, வியாழன் போட்ட காசு. இண்டைக்குத் திங்கள். இன்னும் வரேல்லை எண்டு சொன்னால் நான் என்ன செய்யிறது?"

கணக்கைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கொழும்புத் தலைமை அலுவலகத்தில் கேட்டேன். அங்கும் எந்தச் செய்தியும் வரவில்லை. "அம்மா, காசு இன்னும் ஐரோப்பாவை விட்டு வெளிக்கிடேல்லை. புதன்கிழமை பாருங்கோ" என்றேன். அவர் நம்பவில்லை. மகன் போனில் அனுப்பிய படத்தைக் காட்டினார். 17 ஆம் திகதி, 6,000 யூரோ, ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று அதில் இருந்தது. பிறகு மகனே போனில் வந்தான். "அக்கா, வெள்ளிக்கிழமை இங்கை லீவே இல்லை. நான் வேலைக்குப் போனனான். உங்கடை பாங்க்தான் காசை வைச்சுக்கொண்டு இழுத்தடிக்குது" என்றான்.

அவன் சொன்ன முதல் பாதி உண்மை. பிரான்சின் பெரும்பகுதியில் பெரிய வெள்ளி அரச விடுமுறை இல்லை. ஆனால் யூரோவுக்கு அன்று விடுமுறை. யூரோ காசை வங்கிகளுக்கிடையே கணக்குத் தீர்க்கும் மத்திய அமைப்புக்குத் தனியாக ஒரு நாட்காட்டி உண்டு. அது வருடத்தில் சனி, ஞாயிறு தவிர ஆறு நாள் பூட்டப்படும்: ஜனவரி 1, பெரிய வெள்ளி, உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த திங்கள், மே 1, டிசம்பர் 25, 26. அனுப்புகிறவர் பாரிசில் இருந்தாலும் பேர்லினில் இருந்தாலும் இந்த ஆறு நாளும் ஒன்றுதான்.

இப்போது அந்தக் காசின் பயணத்தை நாள் நாளாகப் பாருங்கள். மகன் பொத்தானை அழுத்தியது வியாழன் இரவு ஒன்பது மணிக்கு. அவனுடைய வங்கி அன்றைய வேலையை ஏற்கும் நேரம் அதற்கு எவ்வளவோ முன்னரே முடிந்துவிட்டது. வெள்ளி, யூரோ அமைப்பு பூட்டு. நமக்கும் வங்கி விடுமுறை. பிறகு சனி, ஞாயிறு. திங்கள் நாங்கள் திறந்தோம், ஆனால் யூரோ திறக்கவில்லை. அவன் கொடுத்த கட்டளை செவ்வாய் 22 ஆம் திகதிதான் உண்மையில் நடைமுறைக்கு வந்தது. புதன் மத்தியானம் அம்மாவின் கணக்கில் காசு விழுந்தது. அதே காசை செவ்வாய் 15 ஆம் திகதி காலையில் போட்டிருந்தால் பெரிய வெள்ளிக்கு முன்னரே பெரும்பாலும் வந்திருக்கும்.

"கம்பியூட்டருக்கு ஏது லீவு?" என்ற கேள்விதான் என்னை அதிகம் களைக்கவைக்கிறது. அப்படி நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பௌர்ணமி விடுமுறையில், இரவு பதினொரு மணிக்கு, கிளிநொச்சியில் இருந்து யாழ்ப்பாணத்துக்குப் போன் மூலம் காசு போட்டால் ஒரு நிமிடத்தில் போய் விழுகிறது. அது உள்நாட்டில் ரூபாயை மாற்றும் அமைப்பு. 24 மணி நேரமும் வருடம் முழுவதும் ஓடும். அங்கே பாரிசில் இருக்கிறவனும் ஜேர்மனியில் இருக்கும் கூட்டாளிக்குப் பத்து விநாடியில் யூரோ அனுப்புகிறான். அதுவும் அவர்களுக்குள் மட்டும் ஓடுவது. இலங்கை அந்த வலைக்குள் இல்லை. இந்த இரண்டு வேகத்தையும் பார்த்துப் பழகிய சனம், நடுவில் இருக்கும் கடலையும் அதே வேகத்தில் காசு தாண்டும் என்று நினைக்கிறது.

உண்மையில் யூரோ கடலைத் தாண்டுவதே இல்லை. நம் நாட்டு வங்கி ஒவ்வொன்றும் ஐரோப்பாவில் ஏதாவது ஒரு பெரிய வங்கியில் யூரோக் கணக்கு வைத்திருக்கும். மகனின் வங்கி அந்தக் கணக்கில் காசைச் சேர்க்கவேண்டும். "இன்னாருக்காக இவ்வளவு சேர்த்திருக்கிறோம்" என்று வங்கிகளின் செய்தி வலையான சுவிப்ட் வழியாகக் கொழும்புக்குச் செய்தி வரவேண்டும். அதன்பிறகே நாங்கள் இங்கே ரூபாயை அம்மாவின் கணக்கில் போடுவோம். ஐரோப்பாவில் அந்தப் பதிவு விழாத நாளில் எங்களிடம் பிடித்து வைக்க ஒரு சதமும் இல்லை. போனில் "ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று வருவது, அவனுடைய வங்கி அவனுடைய கட்டளையை வாங்கிக்கொண்டது என்பதற்கு மட்டும் சான்று.

இதை அறிய ஒரு நேரான வழி உண்டு. அனுப்பியவர் தன் வங்கியிடம் சுவிப்ட் பிரதி கேட்கவேண்டும். பழைய வடிவப் பிரதி என்றால் அதில் இப்படி ஒரு வரி இருக்கும்:

```
:32A:250422EUR6000,00
```

முதல் ஆறு இலக்கம்தான் பெறுமதித் திகதி. வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் 25-04-22. அதாவது காசு வங்கிகளுக்கிடையே கைமாறும் நாள் ஏப்ரல் 22. மகன் அழுத்திய 17 ஆம் திகதி இந்த வரியில் இல்லவே இல்லை. புதிய வடிவப் பிரதியில் இதே திகதி `IntrBkSttlmDt` என்ற பெயரோடு இருக்கும். கிளைக்கு வரும்போது இந்தப் பிரதியைக் கொண்டுவாருங்கள். போன் திரையின் படத்தை வைத்து எங்களால் எதையும் தேடமுடியாது. பிரதியில் 36 எழுத்தில் நீளமாக ஓர் எண் இருக்கும், அதன் பெயர் `UETR`. அது இருந்தால் காசு எந்த வங்கியில் நிற்கிறது என்று விசாரிக்கலாம்.

திங்கட்கிழமைக் கதைக்குத் திரும்புகிறேன். காணிக்காரர் இன்னும் 8 இலட்சம் கையில் தந்தால் மூன்று நாள் பொறுப்பதாகச் சொன்னார். அந்த அம்மா தன் தாலிக்கொடியையும் மகளின் சங்கிலியையும் எங்கள் அடகுப் பிரிவிலேயே வைத்தார். எனக்குப் பக்கத்து மேசை. சங்கிலியைத் துடைத்துத் துடைத்து நிறுக்கக் கொடுத்ததை நான் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவருடைய மகன் ஒரு நாட்காட்டியைப் பார்த்திருந்தால் அந்தச் சங்கிலி கழுத்திலேயே இருந்திருக்கும்.

பிள்ளைகளே, அனுப்பும் முன் பார்க்கவேண்டியது இலங்கை நாட்காட்டியும் உங்கள் நாட்டு நாட்காட்டியும் மட்டும் அல்ல. காசின் நாட்காட்டியையும் பாருங்கள். யூரோ என்றால் மேலே சொன்ன ஆறு நாள். கனடாவில் இருந்து அமெரிக்க டொலராக மாற்றி அனுப்பினால் அது அமெரிக்க வங்கி ஒன்றின் ஊடாகத்தான் வரும். ஆகவே ஜூலை 4 உங்களுக்குச் சாதாரண வேலை நாளாக இருந்தாலும் உங்கள் டொலருக்கு அன்று விடுமுறை. நவம்பர் நான்காம் வியாழனும் அப்படித்தான். எந்த நாணயத்தில் போகிறது என்று உங்கள் வங்கியிடம் கேட்காமல் அனுப்பாதீர்கள்.

இலங்கைப் பக்கம் பார்க்கும்போது நாட்காட்டியில் வங்கி விடுமுறைக் குறியைத் தேடுங்கள். அரச விடுமுறை, வங்கி விடுமுறை, வர்த்தக விடுமுறை என்று மூன்று குறி இருக்கும். "கடை எல்லாம் திறந்து கிடக்கு, பாங்க் மட்டும் ஏன் பூட்டு" என்று கேட்டால் பதில் அதில்தான் இருக்கிறது. மாதா மாதம் வரும் பௌர்ணமி எந்தக் கிழமையிலும் விழும். வெசாக் இரண்டு நாள். அதே 2025 இல் வெசாக் மே 12 திங்கள், 13 செவ்வாய். ரொறன்ரோவில் 9 ஆம் திகதி வெள்ளி மத்தியானம் இரண்டு மணி என்றால் இங்கே இரவு பதினொன்றரை. அப்போது வங்கி வழியாக அனுப்பிய காசு புதன் 14 க்கு முன் பெரும்பாலும் கணக்கில் விழுந்திருக்காது. சனிக்கிழமை கிளை திறந்திருந்தாலும் வெளிநாட்டுக் காசுக்கு அதை வேலை நாளாக எண்ணாதீர்கள்.

மூன்று நாட்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூன்றும் திறந்திருக்கும் நாட்களை மட்டும் எண்ணுங்கள். காசு தேவைப்படும் நாளுக்கு முன் அப்படி மூன்று முழு நாள் இருக்கவேண்டும். அனுப்புவது காலையில் இருக்கட்டும். நொத்தாரிசுக்கு நாள் குறிப்பதையும் இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு செய்யுங்கள்.

அவசரத்துக்குக் கையில் காசு கொடுக்கும் அனுப்பல் சேவைகள் சில நிமிடங்களில் வேலை செய்யும்தான். ஆனால் தொகைக்கு எல்லை உண்டு, கொடுக்கும் கருமபீடமும் அன்று திறந்திருக்கவேண்டும். காணிக் காசுக்கு அது பெரும்பாலும் காணாது. தயவுசெய்து பொறுமை கெட்டு உண்டியல்காரரிடம் போகாதீர்கள். அது சட்டத்துக்குப் புறம்பானது. காணி வாங்கிய காசு எங்கிருந்து வந்தது என்று நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட ஒரு துண்டும் இருக்காது.

இன்னொன்றைச் செய்யவே செய்யாதீர்கள். விடுமுறைக்குள் காசு நிற்கும்போது பதறி, அதை மீளப்பெறச் சொல்லிவிட்டு வேறு வழியில் திரும்ப அனுப்புகிறார்கள். மீளப்பெறும் கோரிக்கை காசுக்குப் பின்னால் வந்து எங்களிடம் பிடிக்கும். கணக்கில் போடவேண்டிய காசை நிறுத்திவைத்து, இரு பக்கமும் எழுதிப் பேசி முடிக்கக் கிழமைகள் போகும். கட்டணமும் வெட்டுவார்கள். மூன்றும் திறந்த மூன்று நாள் கடந்தும் வராவிட்டால் அது விடுமுறைத் தாமதம் அல்ல. பெயரில் பிழை இருக்கலாம். அடையாள அட்டையில் முழுப் பெயரும் கணக்கில் முதலெழுத்தும் என்று இருந்தாலே எங்கள் ஆட்கள் நிறுத்தி விளக்கம் கேட்பார்கள். கணக்கு இலக்கம் மாறியிருக்கலாம். அப்போது `UETR` எண்ணோடு வாருங்கள், நான் உட்கார்ந்து தேடித் தருகிறேன்.

அதுவரை அம்மாவை விசுவமடுவில் இருந்து பஸ் ஏற்றி அனுப்பாதீர்கள். பிரதியில் உள்ள அந்த ஆறு இலக்கத்தை முதலில் அவருக்கு அனுப்புங்கள். அந்தத் திகதிக்கு அடுத்த வேலை நாள் மத்தியானத்துக்குப் பிறகு வரச்சொல்லுங்கள்.