ஓர் இரவில் ஐந்து ‘சாரி’

கல்லூரித் தோழி ஒருத்தி வாட்ஸ்அப்பில் எதற்கெடுத்தாலும் ‘சாரி’ என்று எழுதுகிறாள் என்றும், ‘பரவாயில்லை’ என்று எத்தனை முறை சொன்னாலும் அது குறைவதாகத் தெரியவில்லை என்றும், இப்போதெல்லாம் தமக்கே எரிச்சல் வருகிறது என்றும் ஒரு வாசகி எழுதியிருந்தார். இது வெறும் பழக்கமா, உள்ளே வேறு ஏதேனும் இருக்கிறதா என்பது அவருடைய கேள்வி. எடுத்துக்காட்டாக ஓர் இரவின் உரையாடலையும் அனுப்பியிருந்தார். விவரங்களை மாற்றி அதை இங்கே தருகிறேன்.

9:10 – நாளைக்கு நோட்ஸ் கொண்டு வரியா?
9:22 – சாரி, பிஸியா இருக்கியா?
9:31 – சாரிடி, தொந்தரவு பண்றேன்னு நினைக்கிறேன்.
9:40 – நேத்து ஏதாவது தப்பா பேசிட்டேனா? சாரி.
9:52 – (வாசகியின் பதில்) ஐயோ இல்லடி, சாப்பிட்டுட்டு இருந்தேன்!
9:53 – சாரி, நான்தான் எப்பவும் இப்படி.
9:54 – இத்தனை சாரி சொன்னதுக்கும் சாரி.

இந்த ஐந்தில் எதற்குமே ஒரு குற்றம் இல்லை என்பதை முதலில் கவனிக்க வேண்டும். முதல் மூன்றையும் வரவழைத்தது, நீல நிற டிக் விழுந்த பிறகும் பதில் வராமல் நீண்ட 42 நிமிட மௌனம். நேரில் இருந்தால் முகம் சொல்லிவிடும், குரல் சொல்லிவிடும். எழுத்தில் அவை இல்லாததால், மௌனத்துக்குப் பொருள் கற்பிக்கும் வேலை முழுவதும் படிப்பவரின் மனத்திடம் போய்விடுகிறது. அஞ்சும் மனம் அந்த வெற்றிடத்தில் ‘கோபமாக இருக்கிறாள்’ என்று எழுதிக்கொள்கிறது. நிராகரிப்பை முன்கூட்டியே எதிர்பார்த்து, சிறு அறிகுறியிலும் அதைக் கண்டுவிட்டுக் கலங்கும் இந்த இயல்பை ஜெரால்டின் டவுனி, ஸ்காட் ஃபெல்ட்மன் ஆகிய உளவியலாளர்கள் 1996இல் விரிவாக ஆராய்ந்து, ‘நிராகரிப்பு உணர்திறன்’ என்று அழைத்தார்கள். பெரியவர்களின் முகக்குறியைப் பார்த்தே அன்றைய பொழுதைக் கணிக்க வேண்டியிருந்த வீடுகளில் வளர்ந்த சிலரிடம் இது வேரூன்றியிருக்கக்கூடும். ஆனால் எல்லோருக்கும் அதுவே காரணம் என்று சொல்லிவிட முடியாது.

அச்சம் எங்கிருந்து வந்தது என்பதைவிட, ‘பரவாயில்லை’ என்ற பதில் அத்தனை முறை கிடைத்தும் அது ஏன் கரையவில்லை என்ற கேள்விதான் என்னை ஈர்க்கிறது. ஆயிரம் முறை பொய்த்துப்போன ஓர் எதிர்பார்ப்பு தானாகவே செத்திருக்க வேண்டுமல்லவா?

1953இல் ஹார்வர்டில் ரிச்சர்ட் சாலமன், லைமன் வின் ஆகியோர் நடத்திய ஒரு சோதனை இதற்கு விடை தருகிறது. நடுவில் தடுப்பு வைத்த, இரண்டு அறைகள் கொண்ட பெட்டி ஒன்றில் நாய் விடப்பட்டது. ஓர் அடையாளம் காட்டப்பட்டு, பத்து விநாடிகள் கழிந்ததும் அது நிற்கும் அறையின் தரையில் மின்சாரம் பாயும். தடுப்பைத் தாண்டி மறுபக்கம் குதித்தால் தப்பிக்கலாம். சில முறைகளிலேயே நாய்கள் பாடம் கற்றுக்கொண்டு, மின்சாரம் பாய்வதற்கு முன்பே அடையாளத்தைக் கண்டதும் குதிக்கத் தொடங்கின. அதன் பின் ஆய்வாளர்கள் மின்சாரத்தை அடியோடு நிறுத்திவிட்டார்கள். நாய்களோ நாள்தோறும் குதித்துக்கொண்டே இருந்தன. (இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் இந்தச் சோதனையை எளிதில் அனுமதிக்காது, அதுவே சரி என்பதும் என் கருத்து.)

நாயின் இடத்தில் நின்று பார்த்தால், அதன் பிடிவாதத்தில் ஒரு தர்க்கம் இருப்பது புரியும். அடையாளம் தெரிந்ததும் அச்சம் எழுகிறது. குதித்ததும் அச்சம் அடங்குகிறது. அந்த ஆறுதலே அடுத்த குதிப்புக்குக் கூலி. துன்பம் விலகுவதால் ஒரு செயல் வலுப்பெறுவதை உளவியலில் ‘எதிர்மறை வலுவூட்டல்’ என்கிறார்கள். தலைவலி தீர்ந்தால் அதே மாத்திரையை மறுபடியும் தேடுவதும் இதுதான். ஆனால் மின்சாரம் நின்றுவிட்டதை அறிய நாய் அந்த அறையிலேயே பத்து விநாடிகளுக்கு மேல் நின்றிருக்க வேண்டும். அது ஒருபோதும் நிற்பதில்லை. குதிப்பு நாயைக் காப்பாற்றவில்லை, உண்மையை அறியவிடாமல் தடுக்கிறது.

தோழியின் ‘சாரி’ அப்படிப்பட்ட ஒரு குதிப்பு. ‘பரவாயில்லை’ என்ற பதில் வந்ததும் அவள் மனம் ‘மன்னிப்புக் கேட்டதால்தான் தப்பித்தேன்’ என்று கணக்கு எழுதிக்கொள்கிறது. கேட்காமல் இருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும் என்பதைச் சோதிக்கும் வாய்ப்பே அவளுக்குக் கிடைப்பதில்லை. பதற்றக் கோளாறுகளை ஆராய்ந்த பால் சால்கோவ்ஸ்கிஸ் இத்தகைய செயல்களை ‘பாதுகாப்பு நடத்தை’ என்றார். திருஷ்டி சுற்றிப் போட்ட பின் குழந்தைக்கு ஒன்றும் ஆகாமல் போவதும், அதனால் அடுத்த அமாவாசைக்கும் பூசணிக்காய் வாங்கப்படுவதும் இதே கணக்குதான் என்று சொன்னால் என் உறவினர்கள் கோபித்துக்கொள்வார்கள், ஆனாலும் சொல்கிறேன்.

இந்தச் சுழலில் எதிர்முனையில் இருப்பவரும் சிக்கிக்கொள்கிறார். ஓயாமல் ஆறுதல் வார்த்தை கேட்பவருக்குச் சுற்றியுள்ளோர் முதலில் பரிவோடும், பின்னர் சலிப்பை மறைத்துக்கொண்டும் பதில் தருகிறார்கள் என்றும், அந்தச் சலிப்பைக் கேட்பவர் மோப்பம் பிடித்து மேலும் கேட்கிறார் என்றும் உளவியலாளர் ஜேம்ஸ் கோயின் 1976இல் மனச்சோர்வைப் பற்றி எழுதினார். வாசகியின் எரிச்சல், தோழிக்கு ஒரு புதிய அபாய அடையாளமாகிவிடுகிறது.

இதை வைத்துக்கொண்டு ‘சாரி’களை எண்ணி நோய் கண்டறியக் கூடாது. 2010இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரினா ஷூமன், மைக்கேல் ராஸ் ஆகியோர் நடத்திய ஆய்வில், பெண்கள் கூடுதலாக மன்னிப்புக் கேட்டதற்குக் காரணம், எது தவறு என்பதற்கான அவர்களின் எல்லைக்கோடு தாழ்வாக இருந்ததே. தவறு என்று கருதியவற்றுக்கு மன்னிப்புக் கேட்கும் விகிதம் ஆண்களிடமும் பெண்களிடமும் ஒன்றாகவே இருந்தது. நம்மிடமோ ‘சாரி’ காலில் விரல் பட்டதற்கும் வரும். ‘மன்னிச்சிடு’ அத்தனை எளிதில் வராது. இந்த எடை வேறுபாட்டை வட அமெரிக்க மாணவர்களை வைத்து அளக்க முடியாது என்பதால், நம் உளவியல் துறைகளுக்கு இதற்கென நிதி தர வேண்டும் என்பது என் கட்சி. அதுவரை எண்ணிக்கையை விட்டுவிட்டுப் போக்கைப் பார்க்கலாம். பண்பட்ட மன்னிப்பு ஒரு செயலைச் சுட்டி, ஒரு பதிலோடு முடிந்துவிடும். அச்சத்தின் மன்னிப்புக்குக் குறிப்பிட்ட செயல் எதுவும் இராது, பதில் கிடைத்த பின்னும் அது நீளும். 9:53க்கும் 9:54க்கும் வந்த இரண்டும் அந்த வகையைச் சேர்ந்தவை.

இன்னொன்றையும் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்: தரையில் மின்சாரம் உண்மையிலேயே நின்றுவிட்டதா? தாமதமான பதிலுக்கோ மாற்றுக் கருத்துக்கோ வசவும் மிரட்டலும் நாள்கணக்கான பேசாமையும் கிடைக்கும் உறவில், இணையர் வரிக்கு வரி மன்னிப்புக் கேட்பது மிகைப்பதற்றம் ஆகாது. அது நிலைமையைச் சரியாகப் படித்தவரின் தற்காப்பு. அங்கே மாற வேண்டியது ‘சாரி’ சொல்பவரின் மனம் அன்று.

மின்சாரம் நின்றுபோன இடத்தில் என்ன செய்வது? ஹார்வர்டு ஆய்வாளர்கள் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பை வைத்துக் குதிக்க முடியாமல் செய்தபோது, சில நாய்களாவது அந்தப் பழக்கத்தை விட்டன. 1966இல் லண்டனில் உளவியலாளர் விக்டர் மேயர், அஞ்சும் சூழலில் நிறுத்தி, அச்சத்தைத் தணிக்கச் செய்யும் சடங்கை மட்டும் தடுக்கும் முறையால், கட்டாயச் செயல்களிலிருந்து விடுபட முடியாத நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தார். மனிதரிடம் அந்தக் கண்ணாடியை அவர் சம்மதத்தோடுதான் வைக்க வேண்டும். தூக்கமும் படிப்பும் கெடும் அளவுக்குப் பதற்றம் இருந்தால் உளவியலாளரின் துணையும் வேண்டும். வாசகிக்கு நான் எழுதியது இவ்வளவே: உங்களுக்கு எரிச்சல் வராத ஒரு நாளில் தோழியிடம் நேரில் பேசுங்கள், பதில் வரும்வரை இரண்டாவது செய்தி அனுப்புவதில்லை என்று அவளே ஏற்றுக்கொண்டால் அதைச் சிறிய அளவில், பத்து நிமிடத்திலிருந்து தொடங்குங்கள், நீங்களும் ‘சாரி’க்குப் பதில் சொல்லாமல், கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

மூன்று வாரம் கழித்து அவர் இன்னோர் இரவின் உரையாடலை அனுப்பினார். 8:47க்கு ஒரு கேள்வி, 9:05க்கு ஒரு பதில், 9:06க்கு, ‘பதினெட்டு நிமிஷம். செத்தே போயிட்டேன். ஆனா அனுப்பல.’