விளக்கு எங்கே மடங்குகிறது? பிரீஃபிலிருந்து ஏஐ வீடியோ பிராம்ப்ட் வரை

விளம்பர வேலைக்கு வாடிக்கையாளர் தனக்கு என்ன வேண்டும் என்று எழுதித்தரும் பிரீஃப் பெரும்பாலும் பெயரடைகளால் நிரம்பியிருக்கும். நவீனமான, கச்சிதமான, நம்பகமான என்று வரிக்கு வரி அடுக்கியிருப்பார்கள். அதை அப்படியே எடுத்து ஏஐ வீடியோ கருவியில் ஒட்டுபவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். கருவி "புரியவில்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டால் நல்லது. அது அப்படிச் செய்வதில்லை. "நவீனமான" என்பதற்கு ஒரு நீல ஒளியையும், "நம்பகமான" என்பதற்குப் புன்னகைக்கும் ஒரு முகத்தையும் தானே கற்பித்துக்கொண்டு பளபளப்பான ஒன்றை நீட்டிவிடும். அதில் வாடிக்கையாளரின் பொருள் மட்டும் இருக்காது. அதன் தூரத்துச் சொந்தம் போல ஒன்று இருக்கும்.

ஒரு மடக்கு மேசை விளக்கை எடுத்துக்கொள்வோம். பிரீஃப் சொல்வது இது: "மாணவர்களுக்கும் வீட்டிலிருந்து வேலை செய்வோருக்கும் ஏற்ற நவீன விளக்கு. மூன்று நிலை வெளிச்சம். கண்ணுக்கு இதமானது. ஒருமுறை சார்ஜ் செய்தால் 8 மணி நேரம். மடித்தால் பைக்குள் அடங்கும். கீழே விழுந்தாலும் உடையாது." கேட்பது 30 விநாடி விளம்பரம்.

கருவி என்ன காட்ட வேண்டும் என்று சொல்லும் பிராம்ப்டை எழுத உட்காரும் முன், ஒவ்வொரு வாக்கியத்தின் பக்கத்திலும் ஒரே கேள்வியை எழுதுவேன்: ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தால் இது கண்ணில் படுமா? மடிப்பது படும். பைக்குள் போவது படும். "கண்ணுக்கு இதமானது" படாது. படக்கூடியது அதன் அடையாளம் மட்டும்: புத்தகப் பக்கத்தில் ஒளி சீராக விழுகிறது, விரலின் நிழல் கூர்மையாக வெட்டாமல் விளிம்பு கரைந்து தெரிகிறது. பிராம்ப்டில் எழுத வேண்டியது இந்த நிழலைத்தான். "இதமான" என்ற சொல் அங்கே ஒரு வேலையும் செய்யாது.

"8 மணி நேரம்" என்பதற்கு வந்தால் கை துறுதுறுக்கும். ஜன்னலுக்கு வெளியே பகல் இரவாகிறது, விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கிறது என்று ஒரு காட்சி. அழகாகவும் வரும். அதற்கு முன் வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டியது, எந்த வெளிச்ச நிலையில் 8 மணி நேரம் என்பது. இந்தக் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் "குறைந்த நிலையில்" என்றுதான் வரும். முழு வெளிச்சத்தில் எரியும் விளக்கோடு அந்த எண்ணைக் காட்டினால் படம் பொய் சொல்கிறது. ஆகவே இது காட்சியிலிருந்து கழன்று எழுத்துக்குப் போகிறது: "குறைந்த வெளிச்ச நிலையில் 8 மணி நேரம்வரை." அந்த எழுத்தையும் கருவியிடம் கேட்கக் கூடாது. தமிழ் எழுத்துகளில் புள்ளி ஓரிடம், கொம்பு ஓரிடம் என்று சிதறிப்போகும். எடிட்டிங்கில் மேலே வைப்பதுதான் வழி. அதற்காகக் காட்சியில் ஒரு பக்கம் வெற்றிடம் விடச் சொல்லி பிராம்ப்டிலேயே எழுதிவிட வேண்டும்: "விளக்கு படச்சட்டத்தின் வலது மூன்றில் ஒரு பங்கில், இடப்பக்கம் வெறும் சுவர்."

அடுத்தது நீளக் கணக்கு. கூகுளின் வியோ 3 ஒரு தடவைக்கு 8 விநாடிவரை தருகிறது. ரன்வேயின் ஜென்-4 5 அல்லது 10 விநாடி தருகிறது. அதில் தொடக்கத்திலும் முடிவிலும் கொஞ்சம் வெட்டித் தள்ள வேண்டியிருக்கும். 5 விநாடித் துண்டில் மூன்று, நான்கு விநாடிதான் கையில் மிஞ்சும் என்று வைத்துக்கொண்டால் 30 விநாடிக்கு எட்டு முதல் பத்துக் காட்சி தேவை. ஒரு காட்சியில் ஒரு செயல், ஒரு கேமரா அசைவு. "பெண் பையிலிருந்து விளக்கை எடுத்து, விரித்து, எரியவிட்டு, படிக்கத் தொடங்குகிறாள்" என்பது ஒரு வாக்கியமாக இருக்கலாம், காட்சிக் கணக்கில் நான்கு. ஒன்றாகக் கொடுத்தால் கருவி அவசரப்படும். கை பைக்குள் இருக்கும்போதே விளக்கு மேசையில் எரிந்துகொண்டிருக்கும்.

இந்த வேலையில் எனக்கு அதிகம் நேரம் பிடிப்பது மடிப்புக் காட்சிதான். நம் விளக்குக்கு ஒரே ஒரு கீல், அதுவும் தண்டின் அடியில், அடிப்பகுதியை ஒட்டி. "விளக்கு விரிகிறது" என்று மட்டும் எழுதினால் வருவது வேறு: தண்டு நடுவில் முழங்கை போல வளையும், அல்லது தொலைநோக்கி போல நீளும், அல்லது ரப்பராக உருகி நிமிரும். கருவிக்கு இயந்திரம் தெரியாது. தான் பார்த்துப் பழகிய ஏராளமான விளக்குகளின் சராசரியை அது அசைக்கிறது, அவ்வளவுதான். வாங்கியவர் பெட்டியைத் திறந்து தண்டை நடுவில் மடக்கப் பார்த்தால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

இதற்கு எழுத்து மட்டும் போதாது. பொருளை மடித்த நிலையில் ஒரு புகைப்படம், விரித்த நிலையில் ஒரு புகைப்படம் எடுக்க வேண்டும். கேமரா, மேசை, ஒளி மூன்றும் இம்மியும் நகரக் கூடாது. முதல் படத்தைத் தொடக்கச் சட்டமாகக் கொடுக்க வேண்டும். கடைசிச் சட்டத்தையும் ஏற்கும் கருவியானால் இரண்டாவதையும் கொடுக்க வேண்டும். பிறகு பிராம்ப்டில் பொருளை வர்ணிக்கவே வேண்டாம். படத்தில் சாம்பல் கலந்த வெள்ளை இருக்க, எழுத்தில் "வெள்ளை விளக்கு" என்று போட்டால் இரண்டுக்கும் நடுவில் கருவி அல்லாடும். அசைவை மட்டும் சொன்னால் போதும். கருவிகள் ஆங்கிலத்தில் சொன்னால் இன்னும் ஒழுங்காகக் கேட்கின்றன என்பதால், காட்சிகளை வரிசையாகக் குறிக்கும் காட்சித்தாளைத் தமிழில் எழுதிவிட்டு, தட்டுவதை இப்படித் தட்டுகிறேன்:

```
Locked-off camera. The lamp's arm rises slowly
on the single hinge at its base until upright, then stops.
The base stays flat on the table. The arm stays rigid.
```

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். "வளையக் கூடாது" என்று எழுதவில்லை, "விறைப்பாகவே இருக்கிறது" என்று எழுதியிருக்கிறேன். பல கருவிகளில் எதிர்மறைச் சொல் எடுபடுவதில்லை. "கை தெரியக் கூடாது" என்றால் கை என்ற சொல் உள்ளே போய்விட்டது. கையும் வந்து சேரும். வேண்டாதவற்றுக்கென்று தனிப் பெட்டி இருந்தால் அதில் "கை" என்று மட்டும் போடலாம். இல்லையென்றால் "மேசையில் விளக்கு மட்டும் தனியாக" என்று இருப்பதைச் சொல்ல வேண்டும்.

மூன்று நிலை வெளிச்சம் சுலபம் போலத் தோன்றும். கேட்டுப்பார்த்தால் மங்கலிலிருந்து பிரகாசத்துக்குப் போகும் வழியில் ஒளியின் நிறமும் மஞ்சளிலிருந்து நீலத்துக்கு மாறியிருக்கும். இந்த விளக்கில் நிறம் மாறும் வசதியே இல்லை. இல்லாத வசதியை விளம்பரப்படுத்திவிட்டோம். அதனால் இதை உருவாக்குவதில்லை. மூன்று நிலைகளையும் உண்மையாகவே புகைப்படம் எடுத்து அடுத்தடுத்து வெட்டி ஒட்டுவதுதான் சரி. எடுக்கும்போது கேமரா ஏற்கும் ஒளியின் அளவை, அதாவது எக்ஸ்போஷரை, பூட்டிவிட வேண்டும். இல்லையென்றால் கைபேசி தானாகவே ஈடுகட்டி மூன்றையும் ஒரே வெளிச்சமாக்கிவிடும்.

ஆட்கள் வரும் காட்சிகளில் சிக்கல் வேறு மாதிரி. ஒவ்வொரு பிராம்ப்டும் கருவிக்கு முதல் சந்திப்பு. "அதே பெண்", "முன்பு பார்த்த அறை" என்றால் அதற்கு ஒன்றுமே புரியாது. ஆகவே மாறாத பத்தி ஒன்றை எழுதி வைத்துக்கொண்டு, எழுத்திலிருந்தே காட்சி பிறக்கும் ஒவ்வொரு பிராம்ப்டின் தலையிலும் எழுத்துப் பிசகாமல் ஒட்டுகிறேன்: "இருபதுகளின் தொடக்கத்தில் ஒரு பெண், பின்னல் இட்ட கூந்தல், கடுகு மஞ்சள் பருத்திச் சட்டை, வெளிர் மர மேசை, இடப்பக்க ஜன்னலிலிருந்து மாலை ஒளி." ஒரு காட்சியில் "கடுகு மஞ்சள்", அடுத்ததில் "பொன்னிறம்" என்று நடையழகுக்காக மாற்றினால் சட்டையும் மாறிவிடும். பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்குக் கற்றுத்தந்த நல்ல பழக்கம் இங்கே எதிரியாகிவிடுகிறது. இவ்வளவு எச்சரிக்கையாக இருந்தாலும் முகம் லேசாக நழுவத்தான் செய்யும். அதற்காகவே நெருக்கமான முகக் காட்சியை ஒன்றோடு நிறுத்தி, மற்றவற்றில் கை, தோள், முதுகுப்பக்கம் என்று போய்விடுவேன்.

"கீழே விழுந்தாலும் உடையாது" என்பதைக் கடைசிக்கு வைத்தேன். பிராம்ப்டாக எழுத இதைவிடச் சுலபமான காட்சி கிடையாது. மேசை விளிம்பிலிருந்து விளக்கு விழுகிறது, ஒருமுறை எகிறுகிறது, எரிந்துகொண்டே கிடக்கிறது. சில நிமிட வேலை. இதைச் செய்ய மறுக்கிறேன். உண்மையில் எந்த விளக்கும் விழவில்லை. விழாத ஒரு பொருள் உடையாமல் இருந்ததைச் சோதனை போலக் காட்டினால் பார்ப்பவர் அதைச் சான்றாகத்தான் எடுத்துக்கொள்வார். சூழலை உருவாக்கலாம், மனநிலையை உருவாக்கலாம், சான்றை உருவாக்க முடியாது. சிறு எழுத்தில் "சித்திரிப்பு மட்டும்" என்று போட்டுவிடலாமே என்பார்கள். பார்ப்பவர் கண்ணில் தங்குவது விழுந்த காட்சி, அந்த எழுத்து அல்ல. ஒரு வாடிக்கையாளரிடம் உண்மை விளக்கைக் கேமரா முன் போட்டுப் படமெடுப்போம் என்று சொன்னேன். எவ்வளவு உயரம், எந்தத் தரை என்று பேச்சு நீண்டது. முடிவில் அந்த வரியையே பிரீஃபிலிருந்து எடுத்துவிடச் சொன்னார்.

ஆகவே என் காட்சித்தாளில் காட்சி எண், செயல், கேமரா, ஒளி என்ற பத்திகளோடு "மெய்யா, உருவாக்கியதா" என்றும் ஒரு பத்தி இருக்கும். பிராம்ப்ட் தட்டத் தொடங்கும் முன் வாடிக்கையாளர் அதைப் படித்து ஒப்புதல் தர வேண்டும். வீடியோ வந்தபின் இந்தப் பேச்சை எடுத்தால் யாருக்கும் காது கேட்காது.

வந்த துண்டுகளை ஓடவிட்டுப் பார்த்து மயங்காமல் சட்டம் சட்டமாக நகர்த்திப் பார்க்க வேண்டும். பார்வை போக வேண்டிய இடங்கள் சில: கீல் இருக்கும் இடம், சுவிட்ச் எந்தப் பக்கம், விரல்கள், தண்டோடு சேர்ந்து நகர வேண்டிய நிழல். பிசகு கண்டால் பிராம்ப்டில் ஒரே ஒரு சொற்றொடரை மட்டும் மாற்றி மறுபடி ஓட்டுங்கள். எல்லாவற்றையும் திருத்தி எழுதினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போகும். இப்படி மாற்றி மாற்றியும் அதே இடத்தில் தவறினால் சொற்களைத் தேய்ப்பதை விட்டுவிட்டு அந்தக் காட்சியை இரண்டாக உடையுங்கள்; பெரும்பாலும் அதற்குள் இரண்டு செயல்கள் ஒளிந்திருக்கும்.